பேக் சேல் பலகையில் என்ன எழுத வேண்டும்?

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் பேக் சேல் நடக்கப் போவது உங்களுக்குத் தெரியும். வீட்டில் செய்த கேக், பிஸ்கட், முறுக்கு எல்லாவற்றையும் பிள்ளைகளே மேசை போட்டு விற்பார்கள். பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கையில் ஒரு வரியைப் பலர் கவனித்திருப்பீர்கள். ஒவ்வொரு பண்டத்திலும் என்னென்ன பொருள்கள் சேர்ந்திருக்கின்றன, அவற்றில் ஒவ்வாமை தரக்கூடியவை எவை என்று எழுதித் தர வேண்டும்; அதை அறிவிப்பாகத் தயாரித்து மேசைமேல் வைப்பார்கள்.

அதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்டு முறுக்குக்கும் லேபிள் ஒட்டோணுமாங்க?" என்று சிலர் லிஃப்டிலேயே கேட்டார்கள். பல வருடம் வங்கியில் வவுச்சர் சரிபார்த்தவன் என்பதால், நம் குடியிருப்பு வீடுகளுக்கான படிவத்தைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. அந்தப் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் ஒவ்வாமை என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் பால் சர்க்கரை செரிக்காத தொல்லை. சிரமம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. ஒவ்வாமை வேறு. பாலிலோ நிலக்கடலையிலோ உள்ள புரதத்தை எதிரி என்று தவறாக எண்ணி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கிளம்பிவிடுகிறது. தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், வாந்தி என்று தொடங்கலாம். கடுமையானால் தொண்டை அடைக்கும், மூச்சு வாங்கும், ரத்த அழுத்தம் விழும். சிலருக்கு அதற்குச் சிட்டிகை அளவே போதும். அதனால்தான் "கொஞ்சமாத்தான் போட்டேன்" என்ற பதில் இங்கே செல்லாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகள் எட்டு வகைகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற குளூட்டன் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால், நண்டு வகை, நிலக்கடலையும் முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ உள்ள சல்பைட். பாக்கெட்டில் அடைத்து விற்கும் உணவில் இவை இருந்தால் பொதுவாக அச்சிட்டே ஆக வேண்டும். பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருக்கும் உணவகங்களும் தெரிவிக்க வேண்டும். வருடத்தில் 60 நாளுக்கும் குறைவாக நடக்கும் உணவுக் கடைகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. ஆக, ஒரே நாள் நடக்கும் நம் பேக் சேல் மேசையில் அறிவிப்பு வைக்காவிட்டால் எந்த அதிகாரியும் வந்து கேட்கப் போவதில்லை.

அப்படியானால் ஏன் வைக்க வேண்டும்? அந்த விலக்கு இருக்கும் இடத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. 2016 ஜூலை 17 அன்று, நடாஷா எட்னன்-லபரூஸ் என்ற 15 வயதுப் பெண் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு கடையில் நீளமான ரொட்டி சாண்ட்விச் வாங்கினாள். அவளுக்கு எள் ஆகாது. உறையில் எள் என்று எங்கும் இல்லை. ரொட்டியின் மேலும் எள் தெரியவில்லை. மாவிலேயே எள்ளைச் சேர்த்துச் சுட்டிருந்தார்கள். விமானத்தில் அவளுக்கு மூச்சுத் திணறியது. கூட இருந்த தந்தை இரண்டு அட்ரினலின் ஊசி போட்டும் அன்றே அவள் இறந்துவிட்டாள். கடையிலேயே தயாரித்து அங்கேயே பொட்டலம் கட்டும் உணவுக்கு ஒவ்வொரு பொட்டலத்திலும் லேபிள் தேவையில்லை என்று அந்நாட்டில் அப்போது விலக்கு இருந்தது. பெற்றோர் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அத்தகைய பொட்டலங்களிலும் முழுப் பொருள் பட்டியல் கட்டாயமானது. அந்தச் சட்டத்தை அங்கே அவள் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு சேதி இருக்கிறது. ஒன்று, கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்தவர் எழுதினால்தான் தெரியும். இரண்டு, நம் நாட்டுப் பட்டியலின் எட்டு வகைகளில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளையும் கட்டாயப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். முறுக்கு, தட்டுவடை, எள்ளுருண்டை என்று எள்ளைத் தாராளமாகப் போடுகிறவர்கள் நாம். ஆகவே நம் படிவத்தில் எள்ளை ஒன்பதாவதாகச் சேர்த்திருக்கிறேன்.

அடுத்தது வார்த்தை. நம் ஊரில் "கடலை" என்று ஒரே சொல்லில் எத்தனை பொருளைச் சொல்கிறோம் பாருங்கள். நிலக்கடலையும் கடலைதான், கொண்டைக்கடலையும் கடலைதான், பொட்டுக்கடலையும் கடலைதான். கடலை மாவு என்றால் கடலைப்பருப்பை அரைத்த மாவு. கடலை எண்ணெய் என்றால் நிலக்கடலையில் ஆட்டியது. கடலை மிட்டாய் என்றால் அதுவும் நிலக்கடலை. பலகையில் "கடலை சேர்த்தது" என்று எழுதினால், நிலக்கடலை ஆகாத குழந்தையின் அம்மா என்ன முடிவெடுப்பார்? பொட்டுக்கடலைதானே என்று எண்ணி வாங்கிக் கொடுத்தால் விபரீதம். எல்லாக் கடலையையும் ஒதுக்கினால், சாப்பிடக்கூடிய பண்டமும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்காமல் போகும். ஆகவே முழுப் பெயர் எழுதுங்கள். "பருப்பு" என்றும் "நட்ஸ்" என்றும் மொட்டையாக எழுத வேண்டாம். நிலக்கடலை ஆகாதவர்களில் சிலருக்கு முந்திரி ஆகும், சிலருக்கு ஆகாது. முந்திரியா, பாதாமா, பிஸ்தாவா என்று பெயர் சொல்லிவிட்டால் அவர்களே முடிவெடுத்துக்கொள்வார்கள்.

இப்போது ஒரு படிவத்தை நிரப்பிப் பார்ப்போம். நம் பிளாக்கில் பலர் செய்யும் முட்டை இல்லாத சாக்லேட் கேக்கையே எடுத்துக்கொள்வோம். கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், மைதா 250 கிராம், பால் 150 மில்லி, வெண்ணெய் 100 கிராம், சாக்கோ சிப்ஸ் 50 கிராம், கோகோ பவுடர் 30 கிராம், ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை ஸ்பூன் சமையல் சோடா, சில துளி வெனிலா எசன்ஸ். வழக்கமான அளவுதான்.

எழுதும் வரிசைக்கு ஒரு முறை இருக்கிறது. எடையில் அதிகமானது முதலில், குறைவானது கடைசியில். பாக்கெட்டுகளிலும் அந்த வரிசைதான். கேக் என்றதும் மைதாவைத்தான் முதலில் எழுதத் தோன்றும். எடை போட்டால் முதலில் நிற்பது கண்டென்ஸ்டு மில்க். முட்டை இல்லை என்பதால் "சைவ கேக்" என்று நாம் நிம்மதியாகத் தரும் பண்டத்தில் பாதிக்கு மேல் பால் பொருள்கள்தான்.

அடுத்து, நாம் வாங்கிய ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்க வேண்டும். சாக்கோ சிப்ஸ் என்பது ஒற்றைப் பொருள் அல்ல. அதற்குள் சர்க்கரை, கோகோ, பல பிராண்டுகளில் பால் திடப்பொருள், அதோடு எமல்சிஃபையர் 322 என்று ஒரு எண் இருக்கும். அந்த எண் லெசித்தினைக் குறிக்கிறது. அது பெரும்பாலும் சோயாவிலிருந்து எடுக்கப்படுவது. நாம் சோயாவைக் கையால் தொட்டிருக்க மாட்டோம். ஆனால் கேக்கில் சோயா வந்துவிட்டது. பொருள் பட்டியலுக்குக் கீழே "கன்டெய்ன்ஸ்" என்று தொடங்கும் வரி இருக்கும். அதை அப்படியே படிவத்தில் இறக்கினால் போதும். "மே கன்டெய்ன்" என்று இன்னொரு வரி இருந்தால், அதே ஆலையில் வேறு பொருளும் ஓடுகிறது, கலந்திருக்கலாம் என்று பொருள். அதையும் தனியாக எழுத வேண்டும்.

கேக்காவது பாக்கெட் பார்த்துத் தெரிந்துவிடும். முறுக்குதான் சிக்கல். அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், பெருங்காயம், உப்பு, பொரிக்க எண்ணெய். கோதுமை எங்கே இருக்கிறது? பெருங்காயத்தில் இருக்கிறது. கடையில் டப்பாவில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மைதாவோ வேறு மாவோ கோந்தோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பினால் எழுதியிருக்கும். அரிசி முறுக்குதானே என்று கோதுமை ஆகாத பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். அரிசி மாவு அடிப்படையில் கூட்டிய பெருங்காயமும் கிடைக்கிறது.

பிறகு எண்ணெய். ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த ரிஃபைண்ட் கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது. நம் பக்கம் விரும்பி வாங்கும் செக்கு எண்ணெயில் நிலக்கடலைப் புரதம் தங்கியிருக்கும். உடம்புக்கு நல்லது என்று நாம் தேடி வாங்குவது, இந்த ஒரு விஷயத்தில் சிலருக்கு ஆகாததாகிவிடுகிறது. செக்கு நல்லெண்ணெய்க்கும், அதில் எள் என்ற வகையில், இதே கணக்குத்தான். ஆகவே "எண்ணெய்" என்று மட்டும் எழுதாமல், "செக்கு நிலக்கடலை எண்ணெய்" அல்லது "ரிஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய்" என்று எழுதுங்கள். பொரித்தால் ஒவ்வாமை போய்விடும் என்று ஒருவர் சொன்னார். நிலக்கடலைப் புரதம் வறுத்தாலும் பொரித்தாலும் போகாது.

மூன்றாவது விஷயம் கலப்பு. பண்டத்தில் நிலக்கடலை சேர்க்கவே இல்லை, ஆனால் காலையில் நிலக்கடலைச் சட்னி அரைத்த அதே மிக்ஸி ஜாரில் சர்க்கரையைப் பொடித்தோம் என்று வையுங்கள். ஜாரின் அடியில் பிளேடைச் சுற்றியும், மூடியின் ரப்பர் வளையத்திலும் மிச்சம் ஒட்டியிருக்கும். முறுக்கு உழக்கு, சல்லடை, கேக் வெட்டும் கத்தி எல்லாமே இப்படித்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் போகும். கைக்கு சானிடைசர் தடவுவது போதாது. அது கிருமியைக் கொல்லும், புரதத்தைத் துடைத்து எடுக்காது. வீட்டில் நிலக்கடலை புழங்கும் சமையலறையில் செய்தது என்றால், "நிலக்கடலை பயன்படும் சமையலறையில் செய்தது" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. நம் வீடுகள் எல்லாமே அப்படித்தான்.

இந்த விவரமெல்லாம் சேர்ந்தால் மேசைமேல் வைக்கும் அறிவிப்பு இப்படி அமையும்:

சாக்லேட் கேக் (முட்டை சேர்க்கவில்லை)
பொருள்கள்: கண்டென்ஸ்டு மில்க், மைதா, பால், வெண்ணெய், சாக்கோ சிப்ஸ் (சர்க்கரை, கோகோ, பால் திடப்பொருள், சோயா லெசித்தின்), கோகோ பவுடர், பேக்கிங் பவுடர், சமையல் சோடா, வெனிலா எசன்ஸ்
ஒவ்வாமைப் பொருள்கள்: பால், கோதுமை, சோயா
கலந்திருக்கலாம்: நிலக்கடலை, முந்திரி

வெண்ணெய் முறுக்கு
பொருள்கள்: அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், உப்பு, கூட்டுப் பெருங்காயம் (மைதா உள்ளது), பொரித்தது செக்கு நிலக்கடலை எண்ணெயில்
ஒவ்வாமைப் பொருள்கள்: பால், எள், கோதுமை, நிலக்கடலை

இதில் நான் எங்கும் "ஒவ்வாமை இல்லாதது" என்றோ "எல்லோரும் சாப்பிடலாம்" என்றோ எழுதவில்லை. கவனித்து விட்டதுதான். வீட்டுச் சமையலறையிலிருந்து அப்படி உறுதி கொடுக்க முடியாது. "முட்டை சேர்க்கவில்லை" என்பது நாம் செய்த காரியம், அதைச் சொல்லலாம். "முட்டை அறவே இல்லை" என்பது உத்தரவாதம். அது நம் கையில் இல்லை. பாக்கெட்டில் இருக்கும் பச்சைப் புள்ளியையும் இப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சைவம் என்று மட்டும் சொல்கிறது. பாலும் கோதுமையும் நிலக்கடலையும் பச்சைப் புள்ளிக்குள் அடங்கியவைதான்.

அறிவிப்பு எழுதியாகிவிட்டது. அது எங்கே பொய்யாகிறது தெரியுமா? கடைசி நேரத்தில். வழக்கமான பிராண்ட் சாக்கோ சிப்ஸ் கடையில் இல்லை, வேறொன்று வாங்கினோம். வெண்ணெய் போதவில்லை, மார்கரின் கலந்தோம். அலங்காரத்துக்கு மேலே பிஸ்தாத் துருவல் தூவினோம். பிஸ்தா என்று மலிவாக விற்பது பச்சை நிறமேற்றிய நிலக்கடலைத் துருவலாகவும் இருக்கலாம். ஆகவே சில்லறையாக அளந்து தரும் துருவலைத் தவிர்த்து, லேபிள் உள்ள பாக்கெட்டையே வாங்குங்கள். எது மாறினாலும் படிவத்தையும் மாற்றித் தர வேண்டும். செய்முறைக் குறிப்பைப் பார்த்துப் படிவம் நிரப்பாதீர்கள்; செய்த அன்று, பாக்கெட்டுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். காலி உறைகளை ஒரு கவரில் போட்டு, விற்பனை முடியும் வரை மேசைக்குக் கீழே வைத்திருங்கள். யாராவது சந்தேகம் கேட்டால் எடுத்துக் காட்டலாம். வங்கியில் லெட்ஜர் மட்டும் போதாது, வவுச்சரும் கையில் இருக்க வேண்டும் என்பார்கள். அதேதான் இது.

மேசையிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். நிலக்கடலை, எள் சேர்ந்த பண்டங்கள் ஒரு ஓரத்தில், மூடியோடு. ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடுக்கி. கேக்கைப் பள்ளியில் வெட்டாமல் வீட்டிலேயே வெட்டித் துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டினால் கத்தி மாறாது. பிள்ளைகள் விற்கட்டும், ஆனால் "இதுல முந்திரி இருக்கா?" என்று யாரும் கேட்டால் பிள்ளை பதில் சொல்லக் கூடாது. அறிவிப்பைக் காட்ட வேண்டும், பக்கத்தில் நிற்கும் பெரியவரைக் கூப்பிட வேண்டும். அவருக்கும் தெரியாவிட்டால், "தெரியலீங்க, வாங்க வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். ஒரு துண்டு கேக் விற்காமல் போனால் நஷ்டம் இருபது ரூபாய்.

விசைத்தறிக் கூடங்களிலும் பனியன் கம்பெனிகளிலும் வேலை பார்க்கும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். ஆகவே ஒவ்வாமை வரியை மட்டும் தமிழோடு ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். பெரிய எழுத்தில், பண்டத்துக்கு முன்னால், நிற்கிற இடத்திலிருந்தே படிக்கும்படி இருக்க வேண்டும். விலை எழுதிய அட்டைக்குப் பின்னால் ஒளிந்தால் எழுதியும் பயனில்லை.

இவ்வளவு செய்தும் ஏதாவது நடக்கலாம். அறிவிப்பு ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரிந்துவிடும். தடிப்போடு மூச்சுத் திணறல், குரல் கம்மல், தொடர் வாந்தி, தலைசுற்றி விழுவது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழையுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் உட்கார வையுங்கள். எழுந்து நடக்க விடாதீர்கள். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. வீட்டில் வைத்திருக்கும் அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்கும். அடைத்த தொண்டையைத் திறக்காது. மாத்திரை கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பார்க்கலாம் என்று உட்காருவதுதான் பெரிய தவறு. ஆம்புலன்சில் ஏறும்போது அந்தப் பண்டத்தின் அறிவிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன சாப்பிட்டது என்று மருத்துவர் கேட்கும்போது பதில் அதில் இருக்கும்.

படிவங்கள் வாட்ச்மேன் அறையில் இருக்கின்றன. ஒரு பண்டத்துக்கு ஒரு படிவம். விற்பனைக்கு முந்தைய நாள் மாலை 6 மணிக்குள் நிரப்பித் தந்தால், இரவே எழுதி முடித்துவிடுவோம். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகாது என்றால் அதையும் அந்தப் படிவத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். எந்தப் பொருளை மேசையில் எங்கே வைக்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறோம்.